கத்தி நிற்கிற நேரம்

சலூனுக்கு அன்று வார விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை வாடிக்கையாளர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒரே பக்கத்தை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். வீட்டில் எழுத வரவில்லையாம். படம் எடுத்த இடத்தில் உட்கார்ந்தால் வருமாம். இந்த மாதிரி பேச்சையெல்லாம் அண்ணன் நம்புகிறவர் இல்லை. ஆனாலும் நாற்காலியைத் துடைத்து, வசதியாக உயர்த்திக் கொடுத்தார். அவளுக்குப் பல் விழுந்து முளைத்த காலத்திலிருந்து அவர்தான் அவளுக்கு அப்பா மாதிரி. அவளுக்கு நாற்பது தாண்டியும் அவருக்குப் பாப்பாதான்.

இந்த சலூனைத்தான் அவள் படமாக எடுத்திருந்தாள். நடிகர் கிடையாது, பாட்டு கிடையாது. அண்ணன் முடி வெட்டுகிறார், ஷேவ் பண்ணுகிறார், வருகிறவர்கள் பேசுகிறார்கள், அவர் ஜோக் சொல்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் படம். இதற்கு முன்னால் அவள் எடுத்த படங்களை எந்தத் திரைப்பட விழாவும் சேர்த்துக்கொள்ளவில்லை. வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று ஒரே மாதிரி பதில் வரும். இந்தத் தடவை பெரிய விழா. விழாவின் இணையப் பக்கத்தில் படத்தை ஏற்றியாகிவிட்டது, பேர் ஊர் எல்லாம் நிரப்பியாகிவிட்டது, கதைச்சுருக்கமும் எழுதியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. டைரக்டர் ஸ்டேட்மெண்ட், அதாவது படத்தைப் பற்றி இயக்குநர் தன் வாயால் சொல்கிற குறிப்பு. சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

முதலில் எழுதியதை அண்ணனுக்கே வாசித்துக் காட்டினாள். காலையில் ஷட்டர் ஏறுகிறது, முதல் ஆளாக பேங்க்காரர் வருகிறார், மழையில் ஒதுங்க வந்தவன் தாடியை எடுத்துக்கொண்டு போகிறான், கரண்ட் போகிறது, வருகிறது, ராத்திரி ஷட்டர் இறங்குகிறது. அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறாளே, இதற்கு மேல் என்ன வேண்டும்.

எடிட்டருக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய படத்தை வெட்டி ஒட்டிய பையன். பையன் என்றால் அண்ணன் கணக்கில் பையன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு அவனுக்கும் வாசித்தாள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "அக்கா, இது படத்தோட கதை. அதைத்தான் மேல இருக்கிற கட்டத்துல எழுதிட்டோமே. படத்தையே பாக்கப் போறவங்ககிட்ட எதுக்கு ரெண்டாவது தடவையும் கதை சொல்லணும்? ஏன் எடுத்தீங்க, ஏன் இப்படி எடுத்தீங்க. அது ரெண்டும்தான் அவங்களுக்கு வேணும்" என்றான்.

அடுத்து எழுதியதில் மனிதம், காலம், விளிம்பு, தனிமை என்று என்னென்னவோ வந்தது. அண்ணனுக்கு அதில் தன் கடை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எடிட்டருக்கும் தெரியவில்லை. இதை யார் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம் அக்கா, ஒரு ஷாட்டையாவது சொல்லி ஏன் அப்படி வைத்தீர்கள் என்று எழுதுங்கள் என்றான்.

"கல்யாண வீட்டுக்கு வாடகைக் கோட்டு மாதிரி எழுதியிருக்க பாப்பா. எல்லாருக்கும் பொருந்தும், எவனுக்கும் சரியா இருக்காது" என்றார் அண்ணன். போனுக்குள் எடிட்டர் சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை.

எதற்கு எடுத்தாய் என்று கேட்கிறவனை அண்ணனுக்குப் பிடிக்காது. கடை வைக்க லோன் கேட்டபோதும் இப்படித்தான் கேட்டார்கள், எதற்கு, ஏன், என்ன நோக்கம் என்று. நோக்கமாம் நோக்கம், வயிறுதான் நோக்கம். எடுக்கணும்னு தோணிச்சு, எடுத்தேன்னு எழுது, அதுக்கு மேல கேட்டா படத்தைத் திருப்பிக் கேளு என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியின் மூலையைத் துடைத்தார். தங்கை கண்ணாடிக்குள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை அல்ல. துணியைப் பிடித்திருந்த கையை.

பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். இந்தத் தடவை அழிக்கவே இல்லை.

முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். இன்னும் சரியாக வரவில்லை அண்ணா, எடிட்டர் பார்க்கட்டும் என்றாள். அவனுக்கு அனுப்பிவிட்டு, அவன் முடி வெட்டிக்கொள்ள இங்கேதான் வருகிறானாம் என்று சொல்லிவிட்டு, லேப்டாப் சார்ஜர் எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினாள். அண்ணனுக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. காலையிலிருந்து கமா புள்ளியைக்கூடக் காட்டியவள் இப்போது எதை மறைக்கிறாள்? என்னவோ பெரிய வார்த்தை போட்டிருப்பாள், கேலி பண்ணுவேன் என்று பயந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சமாசாரம் இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், கடையில் ஆள் இல்லாத நேரம், அவர் கேமராவை அணைக்கச் சொன்னார். அவள் அணைத்தாள். ஒயரையும் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினாள். அதற்கப்புறம்தான் வலது கையை அவள் முன்னால் நீட்டினார். ஒன்றும் இல்லாமல் சும்மா இருந்த கை, யாரோ உள்ளேயிருந்து ஆட்டுகிற மாதிரி ஆட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத் தானாக அடங்கியது.

அவள் ஏற்கெனவே பார்த்திருப்பாளோ என்று அவருக்குச் சந்தேகம். அதனால்தான் சொன்னார். வருவது தெரியும், வந்தவுடனே கத்தியைத் தூக்கிவிடுவேன், இதுவரை ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழவில்லை என்றார். தூக்கின கத்தியோடு சும்மா நின்றால் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணைத் திறந்து பார்ப்பான் இல்லையா, அதற்குத்தான் ஜோக். ஜோக்கை ஆரம்பித்தால் கத்தியைத் தூக்கி நிற்பது நடிப்பு மாதிரி ஆகிவிடும். அவன் சிரித்து முடிப்பதற்குள் கை அடங்கிவிடும். வாய் பேசி வயிற்றைக் கழுவுகிறேன் பாப்பா என்றார். வீட்டுக்காரிக்குக்கூட அவர் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. வெளியே தெரிந்தால் எவன் கழுத்தைக் கொடுப்பான்?

தங்கை அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "படத்துல இதைப் பத்தி ஒரு வார்த்தை வராது அண்ணா, சத்தியம்" என்றாள்.

அவர் சத்தியத்தை மட்டும் நம்பி விடுகிறவர் இல்லை. படம் முடிந்ததும் முழுசாகப் போடச் சொல்லி, காதை லேப்டாப்பில் ஒட்டவைத்துக் கேட்டார். ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி எடுத்திருந்தாள், கடை பார்க்க அழகாக இருந்தது. அவர் ஜோக்குகள் எல்லாம் அறுபடாமல் முழுசாக வந்தன. அதற்குப் பிறகுதான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். படத்துக்கு வெளியே இன்னொன்று எழுதுவார்கள் என்று அவரிடம் அப்போது யாரும் சொல்லவில்லை.

எடிட்டர் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டான். அவனுக்கு எப்போதும் இலவச முடிவெட்டு, அதற்குப் பதிலாக அவன் அண்ணனின் ஜோக்குக்குச் சிரிக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். அண்ணன் துணியைப் போர்த்தி, முடியை வெட்டி முடித்து, பின்கழுத்தில் நுரை பூசினார். கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

"அக்கா எழுதினது வந்திருச்சுண்ணே. பிரமாதம். இப்பத்தான் படத்துக்கே ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கு" என்றான். எழுதினதைச் சத்தமாகப் படித்தால்தான் எங்கே தட்டுகிறது என்று தெரியும் என்றும் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு படிக்க ஆரம்பித்தான். அண்ணன் இடது கையால் அவன் தலையைப் பிடித்து, கத்தியைக் கழுத்தில் வைத்தார்.

"இந்தப் படத்தில் என் அண்ணன் ஜோக் சொல்கிற எந்த இடத்திலும் நான் வெட்டவில்லை. அவருடைய வலது கை நடுங்குகிறது. நடுக்கம் வரும்போது கத்தியைத் தூக்கிவிட்டு ஜோக் சொல்வார். சிரிப்பு முடிவதற்குள் கை அடங்கிவிடும். வாடிக்கையாளர்களுக்கு இது தெரியாது. அதனால் கேமராவைக் கண்ணாடியைப் பார்த்து வைத்தேன். நாற்காலியில் இருப்பவர் எதைப் பார்க்கிறாரோ அதையேதான் நீங்களும் பார்ப்பீர்கள். அவரைப் போலவே பார்த்தும் கவனிக்காமல் சிரிப்பீர்கள். ஒரு மனிதர் தன் பயத்தை மற்றவர்களுக்குச் சிரிப்பாகக் கொடுப்பதை, அவர் எடுத்துக்கொள்கிற அதே நேரத்தை எடுத்துக்கொண்டு காட்ட நினைத்தேன்."

கத்தி கழுத்தைவிட்டு மேலே போயிருந்தது. எடிட்டர் ஜோக்குக்காகக் காத்திருந்தான். வரவில்லை. தலையை நிமிர்த்திக் கண்ணாடியைப் பார்த்தான். அண்ணன் கையை மறைக்கவில்லை. கத்தி அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. அன்று அது சீக்கிரத்தில் அடங்கவும் இல்லை.

"அண்ணே, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும். என் கைதானே."

கத்தியை மூடி வைத்துவிட்டு, துண்டால் அவன் கழுத்து நுரையைத் துடைத்தார். பாதிக் கழுத்து அப்படியே நின்றது. இதை யார் யார் படிப்பார்கள் என்று கேட்டார். முதலில் தேர்வு பண்ணுகிறவர்கள், படம் தேறிவிட்டால் விழா வெளியிடுகிற புத்தகத்தில் வரும், அவர்கள் இணையப் பக்கத்திலும் போடுவார்கள் என்று எடிட்டர் மெதுவாகச் சொன்னான். யார் வேண்டுமானாலும் படிக்கலாமா என்று கேட்டார். படிக்கலாம் என்றான்.

தங்கை சார்ஜரோடு வந்தபோது எடிட்டர் இன்னும் பாதிக் கழுத்தோடு நாற்காலியில் இருந்தான். அவன் மடியில் போன் திறந்தபடி இருந்தது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கேமராவை அணைக்கச் சொல்லிட்டுத்தானே பாப்பா சொன்னேன்" என்றார் அண்ணன்.

"அணைச்சேன் அண்ணா."

"சத்தியம் பண்ணின."

"படத்துல ஒரு வார்த்தை வராதுன்னு பண்ணினேன். வந்துச்சா? நீங்களே கேட்டீங்களே."

எடிட்டர் தரையைப் பார்த்தான். கோர்ட்டில் வக்கீல் பேசுகிற பேச்சை அண்ணன் கேட்டிருக்கிறார், வட்டிக்கடைக்காரன் பேச்சையும் கேட்டிருக்கிறார். இவள் தலையில் பேன் பார்த்து, ஜடை போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட கைக்கு இந்தப் பேச்சு.

அவளும் அழுதுவிடுகிற மாதிரிதான் பேசினாள். அந்த நடுக்கம் தெரியாவிட்டால் இது இன்னொரு சலூன் படம் அண்ணா, இந்த மாதிரி ஆயிரம் வரும், எதற்காக ஷாட்டை இவ்வளவு நீளமாக விட்டிருக்கிறாள், வெட்டத் தெரியாதா என்று பாதியிலேயே அணைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தானே நடந்தது. நான் உங்களைக் கேவலப்படுத்தவில்லை, அதில் நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாகத் தெரிகிறீர்கள் என்று படித்துப் பாருங்கள் என்றாள்.

"நான் பெரிய ஆளாத் தெரிய வேணாம். நாளைக்குக் கடைக்கு நாலு பேர் வரணும்."

எடிட்டர்தான் ஒரு வழி சொன்னான். கையைப் பற்றிச் சொல்லாமலே படம் எடுத்த முறையைச் சொல்லலாம். ஜோக் வருகிற இடத்தில் வெட்டவில்லை, கேமரா ஏன் கண்ணாடியைப் பார்க்கிறது, இந்த இரண்டையும் மட்டும் எழுதுங்கள், எதற்காக என்பதைப் பார்க்கிறவர்கள் கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடிக்கத் தெரிந்தவன்தானே தேர்வுக்கு உட்கார்ந்திருப்பான் என்றான். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த வாக்கியங்களை எடுத்தாள். மிச்சத்தை ஒட்டவைத்தாள். "அண்ணன் சிரிக்கவைக்கிற நேரமும் அவர் வேலை செய்கிற நேரம்தான். அதனால் அதைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை" என்று ஒரு வரி சேர்த்தாள். அண்ணனுக்கு அந்த வரி பிடித்திருந்தது. பிடித்தது என்று காட்டிக்கொள்ளவில்லை.

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார். கை என்ற சொல்லைத் தேடினார். நடுக்கம் என்ற சொல்லைத் தேடினார். இல்லை. இப்போது என் முன்னால் அனுப்பு என்றார். அவள் பொத்தானை அழுத்தினாள். சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சையாக வந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் நாற்காலியைவிட்டு நகர்ந்தார்.

எடிட்டரின் மிச்சக் கழுத்தை முடித்துக் கொடுத்தார். நடுவில் கை வந்தது. தூக்கினார். வாடகைக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை ஜோக்கை எடுத்துவிட்டார். எடிட்டர் சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். தங்கை சிரிக்காமல் லேப்டாப்பை மூடினாள்.

அனுப்பினதைக் கெடு முடியும்வரை திரும்பத் திறந்து மாற்றலாம் என்று அண்ணனுக்குத் தெரியாது. தபால் பெட்டியில் போட்டால் போட்டதுதான் என்கிற காலத்து ஆள் அவர். எடிட்டருக்குத் தெரியும், ஆனால் அவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை. தங்கைக்கு, பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. அப்படித்தான் அவள் பிற்பாடு சொன்னாள். அதையும் நம்புவதா வேண்டாமா என்று அண்ணன் இன்னும் முடிவு பண்ணவில்லை.

சில வாரம் கழித்துத் தகவல் வந்தது, படம் தேர்வாகிவிட்டது. தங்கை ஸ்வீட் பெட்டியோடு வந்து அவர் காலைத் தொட்டாள். அண்ணன் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெட்டியை நீட்டினார். என் தங்கச்சி படம், என் கடைதான் படம் என்றார். அவள் மட்டும் ஒன்றும் சாப்பிடாமல், அவசர வேலை என்று சீக்கிரம் கிளம்பிவிட்டாள். சந்தோஷத்தில் பசி இருக்காது என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முதலில் வித்தியாசமாக நடந்தவர் மீன் வண்டி ஓட்டுகிறவர். முடியை மட்டும் வெட்டுங்க, ஷேவ் வீட்லயே பண்ணிட்டேன் என்றார். தாடையில் முள்ளுமுள்ளாக இருந்தது. சரி, அவசரம் போல என்று அண்ணன் விட்டுவிட்டார். அப்புறம் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஷேவுக்கு உட்கார்ந்தவர், துணியைப் போர்த்தப் போகும்போது யாரோ கூப்பிட்டதாக எழுந்து போனார். யாரும் கூப்பிடவில்லை. அண்ணனின் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

பேங்க்காரர் வந்தார். இந்தக் கடையின் முதல் ஆள் அவர், படத்திலும் முதல் ஆள் அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் போனை எடுத்து, விழாவோட பக்கத்துல நம்ம படம் வந்திருக்குண்ணே, பாத்தீங்களா என்று நீட்டினார். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். அவர் படம், கண்ணாடிக்குள் அவர் முகம், தூக்கின கத்தி. கீழே தங்கையின் பேர். அதற்குக் கீழே எழுத்து. விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். அவருடைய வலது கை நடுங்குகிறது என்ற இடத்தில் விரல் நின்றது. அதற்கு மேல் படிக்கத் தேவை இருக்கவில்லை. மனப்பாடமாகத்தான் இருந்தது.

பேங்க்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, கடை வாசலுக்கு வந்து தங்கைக்குப் போன் பண்ணினார். எடுத்தவுடனே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கையைப் பற்றி எழுதினது, எழுதாதது இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன் அண்ணா, அதை எடுத்தால் படம் நிற்கவே மாட்டேன் என்கிறது, விழாவிலிருந்து கூப்பிட்டவரே ஸ்டேட்மெண்டைப் படித்துவிட்டுத்தான் படத்தை இரண்டாவது தடவை பார்த்தேன் என்று சொன்னார் அண்ணா, உங்களையும் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், டிக்கெட் போடுகிறார்கள், நான் நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்று கோர்வையில்லாமல் சொன்னாள்.

அண்ணன் முழுசாகக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்க பாப்பா" என்றார். "எல்லாருக்கும் புரியுது."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். பேங்க்காரர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைப் போல எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததே பெரிய காரியம். அண்ணன் நுரை பூசினார். புது பிளேடு மாட்டினார். ஒரு கன்னத்தை முடித்துவிட்டுத் தொண்டைக்கு வந்தபோது கை வந்துவிட்டது. கத்தியைத் தூக்கினார்.

பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "ஒருத்தன் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கோட்டு எடுத்தானாம்" என்று ஆரம்பித்தார்.

பேங்க்காரர் கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்குள் அந்தக் கையைப் பார்த்தார். ரொம்ப அன்பாக, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"ஜோக்கெல்லாம் வேணாம்ணே. அடங்கட்டும். நான் இருக்கேன்."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். கடையில் சத்தமே இல்லை. கண்ணாடிக்குள் இரண்டு பேரும் கத்தியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். சிரிப்பு இருந்தவரைக்கும் அது எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று அவருக்கே தெரிந்ததில்லை.